முற்பணத்துக்கு முன் ஒரு தாள்: புரோபோமா இன்வொய்ஸும் வங்கி விபரமும்

கேள்வி: வணக்கம் ஐயா. படுவான்கரையில் சின்ன அரிசி ஆலை ஒன்று நடத்துகிறேன். நாட்டரிசியில் கறுப்பரிசி கலந்து வருவதால் கடைக்காரர் விலையைக் குறைக்கிறார்கள். சீனாவிலிருந்து கறுப்பரிசியைப் பிரித்தெடுக்கும் கலர் சோட்டர் இயந்திரம் ஒன்று எடுப்பம் என்று ஒரு விற்பனைப் பிள்ளையோடு மூன்று வாரமாக வட்ஸ்அப்பில் பேசுகிறேன். கொழும்புத் துறைமுகம் வரை 6,400 டொலர். 30 சதவீதம் முற்பணம், மிச்சம் கப்பலில் ஏற்றுமுன். விலை விபரம் ஒரு படமாக வந்தது. இப்போது வெள்ளிக்கிழமைக்குள் 1,920 டொலர் போடாவிட்டால் விலை ஏறும் என்று ஒரு கணக்கிலக்கம் அனுப்பியிருக்கிறார். கணக்கு ஒரு ஆளின் பெயரில் இருக்கிறது. கம்பனியின் நிதி முகாமையாளராம். இங்கே வங்கிக்குப் போனால் புரோபோமா இன்வொய்ஸ் கேட்கிறார்கள். கட்டாரில் உள்ள மருமகன் அங்கிருந்தே அனுப்பலாம் என்கிறார். பணம் கட்டுமுன் பில் கேட்பது முறையா? நம்பிக்கையில்லை என்று நினைத்து விட்டுவிடுவார்களோ? வங்கியால் அனுப்பினால், பிசகினாலும் பணத்தைத் திருப்பி எடுக்கலாம்தானே? – மட்டக்களப்பு வாசகர்

பதில்: வணக்கம். இந்த வெள்ளிக்கிழமை போகட்டும். அந்தக் கணக்குக்கு ஒரு டொலரும் போடாதீர்கள்.

புரோபோமா இன்வொய்ஸ் கேட்டதற்காக வாங்குபவரை விட்டுவிட்டுப் போகும் ஏற்றுமதிக் கம்பனி கிடையாது. அவர்களுக்கு அது அன்றாட வேலை. விற்பனைப் பிள்ளையின் கணினியில் அதற்கென்று ஒரு படிவம் இருக்கும். உங்கள் பெயர், முகவரி, இயந்திரத்தின் மாதிரி எண் ஆகியவற்றைப் போட்டு முத்திரை வைத்து அனுப்ப ஒரு நாளே அதிகம். அதை அனுப்பாமல் பணத்தை மட்டும் அவசரப்படுத்தினால், பதிலை நீங்கள் காசு செலவழிக்காமலே அறிந்துகொண்டீர்கள்.

அவசரத்தைப் பற்றி ஒரு கணக்குப் பாருங்கள். முற்பணம் கிடைத்து 25 வேலை நாளில் இயந்திரம் தயார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஐந்து வாரம். கப்பலுக்கு இரண்டு, மூன்று வாரம். கொழும்பில் சுங்கம் முடித்து லொறியில் ஏற்றி மட்டக்களப்புக்குக் கொண்டுவர இன்னொரு வாரம். பொருத்தி, உங்கள் அரிசிக்கு ஏற்பச் சரிப்படுத்தவும் நாள் வேண்டும். ஆக ஒன்பது, பத்து வாரம் போகும். அதில் தாள்களைச் சரிபார்க்க ஒரு வாரம் எடுத்தால் பெரும்போக அறுவடை கைவிட்டுப் போகாது.

அது பில் இல்லை

நீங்கள் "பில்" என்று எழுதியிருக்கிறீர்கள். பில் என்பது விற்ற பின் வருவது. புரோபோமா இன்வொய்ஸ் விற்குமுன் வருவது: இந்தப் பொருளை, இந்த விலைக்கு, இந்த நிபந்தனையில், இந்தத் திகதி வரை தருவேன் என்று விற்பவர் எழுத்தில் தரும் வாக்கு. அதை ஏற்று நீங்கள் பணம் கட்டியதும், வேறு ஒப்பந்தம் எழுதாவிட்டால், உங்கள் இருவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் அந்த ஒன்றிரண்டு பக்கம்தான். பொருள் புறப்படும்போது வணிக இன்வொய்ஸ் என்று வேறொன்று வரும். சுங்கத்தில் காட்டுவது அதை. இரண்டிலும் விற்பவர் பெயரும் பொருளும் தொகையும் ஒத்திருக்க வேண்டும்.

"சுங்க வரியைக் குறைக்க இன்வொய்ஸில் விலையைக் குறைத்துப் போட்டுத் தரவா?" என்று சிலர் தாமாகவே கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே அது சுங்கக் குற்றம். போதாததற்கு, பின்னால் நட்டஈடு கேட்க நேர்ந்தால் குறைத்துப் போட்ட விலைதான் உங்கள் கையில் சாட்சியாக இருக்கும்.

உங்களுக்கு வந்த படத்தில் விலை இருக்கிறது. விற்பது எந்தக் கம்பனி, விலை எந்தத் திகதிவரை செல்லும், 6,400 டொலருக்குள் என்னென்ன வருகிறது என்பது அதில் இருக்கிறதா? கடைசிக் கேள்வியில்தான் கலர் சோட்டர் வாங்கும் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சோட்டர் கறுப்பரிசியைக் கமராவால் கண்டதும் காற்றை ஊதித்தான் தள்ளுகிறது. அந்தக் காற்றுக்குக் கொம்பிரசர் வேண்டும், காற்றுத் தாங்கி வேண்டும், ஈரத்தை எடுக்கும் டிரையரும் வடிகட்டியும் வேண்டும். ஈரக் காற்றும் எண்ணெய் கலந்த காற்றும் ஊதும் வால்வுகளை அடைத்துவிடும். நமது வாவிக்கரைக் காற்றின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். விலைப் படத்தில் "முழுத் தொகுதி" என்று போட்டிருப்பார்கள். பெட்டியைத் திறந்தால் சோட்டர் மட்டும் இருக்கும். கேட்டால், கொம்பிரசர் எல்லோரும் தங்கள் நாட்டில்தான் வாங்குவார்கள் என்பார்கள். இது ஏமாற்று என்றுகூடச் சொல்ல முடியாது. எழுதாதது விலையில் சேராது, அவ்வளவுதான்.

ஆகவே புரோபோமாவில் இயந்திரம் ஒரே வரியில் முடியக்கூடாது. மாதிரி எண், அரிசி வழுக்கி இறங்கும் சூட் எத்தனை, ஒரு சூட்டுக்கு எத்தனை சனல், அதாவது ஓடை (64 என்பது வழக்கம்), மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோ, அதுவும் எந்த அரிசியில், மின்சாரம் 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ், கொம்பிரசரும் டிரையரும் உண்டா இல்லையா, உதிரி வால்வு எத்தனை, உத்தரவாதம் எத்தனை மாதம், அது எந்த நாளிலிருந்து என்று ஒவ்வொன்றும் தனி வரியில் வரட்டும். சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டையும் போடச் சொல்லுங்கள். தானியம் பிரிக்கும் இயந்திரங்கள் 8437.10 இல் வரும். பணம் கட்டுமுன்னே இதை, சுங்கத்தில் பொருளை எடுத்துத் தரும் உங்கள் கிளியரிங் ஏஜென்டிடம் காட்டி, கொழும்பில் வரியும் துறைமுகச் செலவும் எவ்வளவு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"கொழும்பு வரை" என்பதையும் சரியான சொல்லில் எழுத வேண்டும். "சி.ஐ.எஃப். கொழும்பு, இன்கோரேம்ஸ் 2020" என்று இருந்தால் கப்பல் கூலியும் காப்புறுதியும் விற்பவர் பொறுப்பு. ஆனால் கொழும்பில் இறங்கிய பின் வரும் செலவு உங்களுடையது. கொள்கலனில் பகுதி இடம் எடுத்து வரும் சரக்குக்குக் கப்பல் கூலியைக் குறைத்துக் காட்டி, அந்தக் குறைவை இங்கே இறக்குமதியாளரிடம் அறவிடும் பழக்கம் உண்டு. கொழும்பில் எந்த முகவர், என்னென்ன கட்டணம் என்று இப்போதே கேளுங்கள்.

முற்பணத்துக்கென்று இன்னும் இரண்டு வரி வேண்டும். ஒன்று, தயாரிப்பு நாள் எண்ணத் தொடங்குவது முற்பணம் கணக்கில் விழுந்த நாளிலிருந்தா, அல்லது அவர்கள் "உறுதி செய்த" நாளிலிருந்தா என்பது. மற்றது, சொன்ன நாளுக்குமேல் இத்தனை நாள் பிந்தினால் முற்பணம் முழுவதையும், வந்த கணக்குக்கே திருப்பி அனுப்புவோம் என்பது. விற்பனைப் பிள்ளை வட்ஸ்அப்பில் "கவலைப்படாதீங்க" என்று எழுதியது இந்த வரிகளுக்கு ஈடாகாது.

மூன்று இடத்தில் ஒரே பெயர்

புரோபோமாவின் தலைப்பில் ஒரு பெயர் இருக்கும். அடியில் முத்திரையில் ஒரு பெயர். வங்கி விபரத்தில் `Beneficiary Name`, அதாவது பணம் பெறுபவர் என்ற இடத்தில் ஒரு பெயர். இந்த மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒன்று என்பது போதாது. தலைப்பில் "மெஷினரி கம்பனி", கணக்கில் "டிரேடிங் கம்பனி" என்றால் அவை சட்டத்தின் முன் இரண்டு ஆட்கள். நீங்கள் ஒருவரிடம் வாங்கி, இன்னொருவருக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். பொருள் வராவிட்டால் முதலாமவர் "எங்களுக்குப் பணம் வரவில்லை" என்பார். சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

நிதி முகாமையாளரின் சொந்தக் கணக்கு என்பதை ஏற்கவே முடியாது. சீனாவில் ஏற்றுமதி செய்யும் கம்பனி, பொருளுக்குக் கட்டிய பெறுமதி சேர் வரியை அரசிடம் திருப்பி வாங்கலாம். அதற்கு ஏற்றுமதிச் சுங்கப் பத்திரமும் வெளிநாட்டிலிருந்து வந்த பணமும் கம்பனியின் கணக்கில் பொருந்தி நிற்க வேண்டும். ஒழுங்கான கம்பனி அந்த வரியை ஏன் விடப்போகிறது? தனியாள் கணக்குக் கேட்பவர் எல்லோரும் கள்ளர் இல்லை, வரியைத் தவிர்க்க அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எந்த வகையானாலும், கம்பனியிடம் உரிமை கேட்க உங்கள் கையில் ஒன்றும் இராது.

அடுத்து, பணம் எந்த வங்கிக்குப் போகிறது என்று காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு. இதை வாசிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அது எட்டு அல்லது பதினொரு எழுத்தாக இருக்கும். எடுத்துக்காட்டுக்கு, பேங்க் ஒஃப் சைனாவின் குறியீடு:

```
BKCHCNBJ
```

முதல் நான்கு எழுத்தும் வங்கி. ஐந்தாவதும் ஆறாவதும் நாடு. இங்கே `CN`, அதாவது சீனா. கடைசி இரண்டும் இடம். பதினொன்றாக இருந்தால் மிச்ச மூன்றும் கிளை. உங்களுக்கு வரும் குறியீட்டில் ஐந்தாம், ஆறாம் எழுத்துகளுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கம்பனியின் முகவரி ஹெஃபெய் நகரம் (கலர் சோட்டர் தொழிற்சாலைகள் அதிகமுள்ள ஊர் அது), அந்த இரண்டு எழுத்தும் `CN` என்றால் பொருந்துகிறது. `HK` என்றால் ஹொங்கொங். அப்போது நின்று கேட்க வேண்டும். `GB` அல்லது வேறொரு ஐரோப்பிய நாட்டின் எழுத்து என்றால், சீனத் தொழிற்சாலைக்கு அங்கே என்ன கணக்கு என்று கேளுங்கள். திருப்தியான பதில் வரும்வரை பணம் நகரக்கூடாது. இதேபோல, சீனாவிலும் ஹொங்கொங்கிலும் ஐபான் என்ற நீண்ட கணக்கு எண் கிடையாது. ஐபான் ஒன்று வந்தால் பணம் வேறு நாட்டுக்குப் போகிறது என்று அர்த்தம்.

ஹொங்கொங் கணக்கு என்றதும் பயப்படவும் வேண்டாம். டொலர் வரவுக்கு வசதி என்று பல சீனத் தொழிற்சாலைகள் அங்கே ஒரு கம்பனியை உண்மையாகவே பதிந்து வைத்திருக்கின்றன. ஆனால் அப்படியென்றால் புரோபோமாவையும் அந்த ஹொங்கொங் கம்பனியின் பெயரிலேயே எழுதித் தரட்டும். அல்லது, "இந்தக் கம்பனியின் கணக்கில் கட்டும் பணம் எங்களுக்குக் கட்டியதாகும்" என்று தொழிற்சாலை தன் முத்திரையுடன் ஒரு கடிதம் தரட்டும். முதல் வழியை விட இரண்டாவது பலவீனமானது. உங்கள் வங்கியும் முதலாவதையே விரும்பும்.

முத்திரையைப் பற்றியும் ஒரு சொல். சீனக் கம்பனியைச் சட்டப்படி கட்டுப்படுத்துவது பெரும்பாலும் கையெழுத்தை விட அதன் சிவப்பு வட்ட முத்திரை. அதைச் சுற்றிச் சீன எழுத்தில் கம்பனியின் பதிவுப் பெயர் இருக்கும். அங்கே பதிவான பெயர் சீனப் பெயர்தான். ஆங்கிலப் பெயரை எவரும் எப்படியும் எழுதலாம். அதனால் வணிக அனுமதிப்பத்திரத்தின் படத்தையும் கேளுங்கள். அதில் 18 இடமுள்ள ஒரு பதிவு எண் இருக்கும். `gsxt.gov.cn` என்ற அரசுத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கம்பனியின் பெயர், தொடங்கிய திகதி, செய்யும் தொழில் எல்லாம் வரும். தளம் சீன மொழியில்தான் இருக்கிறது, சில நேரம் இங்கிருந்து திறக்கவும் மறுக்கும். பிரௌசரின் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பாருங்கள். "பதினைந்து வருட அனுபவம்" என்று சொன்ன கம்பனி எட்டு மாதத்துக்கு முன் பதிந்ததாக இருந்தால், அல்லது செய்யும் தொழிலில் இயந்திரத் தயாரிப்பே இல்லாவிட்டால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முத்திரையை ஒரு படத்தில் ஒட்டுவது இன்று சிறு பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் முத்திரையிலுள்ள சீனப் பெயரையும் அனுமதிப்பத்திரத்திலுள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். மொழி தெரிய வேண்டியதில்லை, கோலம் ஒத்துப் பார்ப்பது போலத்தான்.

எப்படிக் கேட்பது

வட்ஸ்அப்பில் பேசுங்கள், ஆனால் தாளை மின்னஞ்சலில் கேளுங்கள். கம்பனியின் சொந்தப் பெயரிலுள்ள மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். கெஞ்சவும் வேண்டாம், குற்றம் சாட்டவும் வேண்டாம். எளிய ஆங்கிலத்தில் இந்த அர்த்தம் வர எழுதினால் போதும்:

"முற்பணம் 1,920 டொலரை எங்கள் வங்கி மூலம் அனுப்பத் தயாராக இருக்கிறோம். இலங்கை வங்கிகள் முத்திரையிட்ட புரோபோமா இன்வொய்ஸ் இல்லாமல் பணம் அனுப்புவதில்லை. எங்கள் பதிவுப் பெயருக்கும் முகவரிக்கும் அதை எழுதி அனுப்புங்கள். விலை செல்லும் திகதி, இயந்திர விபரம், சி.ஐ.எஃப். கொழும்பு, பணம் கட்டும் முறை, தயாரிப்பு நாள், முற்பணம் திருப்பும் நிபந்தனை எல்லாம் அதில் இருக்கட்டும். அதே தாளின் அடியில் உங்கள் கம்பனிக் கணக்கின் பெயர், முகவரி, கணக்கிலக்கம், வங்கியின் பெயர், கிளை முகவரி, ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும். வணிக அனுமதிப்பத்திரப் பிரதியையும் இணையுங்கள். கிடைத்து இரண்டு வேலை நாளில் வங்கிக்குப் போவோம்."

"எங்கள் வங்கி கேட்கிறது" என்பது நல்ல கவசம். பொய்யும் இல்லை. சந்தேகப்படுவது நீங்கள் அல்ல, விதி என்று ஆகிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கும் தன் மேலாளரிடம் போய்க் கேட்க ஒரு காரணம் கிடைக்கிறது. கடைசி வரி முக்கியம். தாள் வந்தால் பணம் வரும் என்று தெரிந்தால் உண்மையான விற்பனையாளர் அன்றைக்கே வேலையைத் தொடங்குவார்.

வங்கி விபரம் அதே தாளில் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. தனியே வட்ஸ்அப்பில் வரும் கணக்கிலக்கத்துக்கு முத்திரையுமில்லை, பொறுப்புமில்லை. தாள் வந்ததும் வீடியோவில் அழையுங்கள். தொழிற்சாலையைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கணக்கிலக்கத்தை அவர்களை வாசிக்க விட்டு, நீங்கள் உங்கள் தாளில் பாருங்கள். நீங்கள் வாசித்து அவர்கள் "ஓம், ஓம்" என்பதில் பயனில்லை.

ஏமாற்றில் மிக மோசமானது, நல்ல விற்பனையாளர் இருந்தும் நடப்பது. யாரோ அவர்களுடைய மின்னஞ்சலுக்குள் புகுந்து உங்கள் பேச்சு முழுவதையும் படித்துக்கொண்டிருப்பார்கள். பணம் கட்டும் நாளன்று ஒரு கடிதம் வரும்: "எங்கள் கணக்கில் ஓடிட் நடக்கிறது, இந்த முறை மட்டும் இந்தக் கணக்குக்குப் போடுங்கள்." இணைப்பில் அதே புரோபோமா, அதே முத்திரை, கணக்கிலக்கம் மட்டும் வேறு. அனுப்பிய முகவரியை உற்றுப் பார்த்தால் ஓர் எழுத்துக் கூடியோ குறைந்தோ இருக்கும். சில வேளை அதுவும் இராது, உண்மையான முகவரியிலிருந்தே வரும். ஒரு முறை தந்த கணக்கு மாறினால், அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல், முதல் நாளிலிருந்து பேசிய தொலைபேசிக்கு அழைத்து, முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

உங்கள் வங்கி செய்வதும் செய்யாததும்

இங்கேதான் உங்கள் கடிதத்தின் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. ரி.ரி. என்று நாம் சொல்லும் தந்தி மாற்றல் காசோலை மாதிரி நிறுத்தக்கூடியது அல்ல. பணம் மறுபக்கக் கணக்கில் விழுந்தபின் திரும்பி வர வேண்டுமென்றால், அந்தக் கணக்குக்காரர் சம்மதிக்க வேண்டும். உங்கள் வங்கி மறுவங்கிக்குத் திரும்ப அழைப்புச் செய்தி அனுப்பும். அதற்குமேல் அதனால் முடியாது. பிசகு தெரிந்த மணித்தியாலத்திலேயே ஓடினால், பணம் இன்னும் இடையில் இருந்தால், வாய்ப்புண்டு. மூன்று நாள் கழித்துப் போனால் பெரும்பாலும் இல்லை. 1,920 டொலருக்காக சீனாவில் வழக்குப் போடுவதும் கட்டாது.

வங்கி உங்கள் புரோபோமாவைப் பார்ப்பது அந்நியச் செலாவணி விதிக்காக. விற்பவர் நல்லவரா, கணக்கின் பெயரும் இலக்கமும் ஒரே ஆளுக்கு உரியவையா என்று அது சீனாவில் விசாரிப்பதில்லை. பெறும் வங்கிகளில் சில பெயரை ஒத்துப் பார்க்கும், சில இலக்கத்தை மட்டும் பார்த்து வரவு வைக்கும். அதை நம்பி இருக்கக்கூடாது.

வங்கிக்குப் போகும்போது புரோபோமாவுடன் வணிகப் பெயர்ப் பதிவு, வரி இலக்கம், அடையாள அட்டை கொண்டு போங்கள். முற்பணமாக அனுப்பும் இறக்குமதிக்குப் பொருள் வந்ததும் சுங்கப் பத்திரத்தைக் கொண்டுவந்து தருவேன் என்று ஒரு உறுதியும் கேட்பார்கள். அதை மறந்தால் அடுத்த முறை சிக்கல் வரும். படிவத்தில் வெளிநாட்டு வங்கிக் கட்டணம் யாருக்கு என்று ஓர் இடம் இருக்கும். `OUR` என்றால் எல்லாம் உங்களுக்கு. `SHA` என்றால் இடைவங்கிகள் போகிற வழியில் தங்கள் கட்டணத்தை வெட்டிக்கொள்ளும். 1,920 என்று அனுப்பியது 1,890 ஆகப் போய்ச் சேரும். "முற்பணம் குறைவு, வேலை தொடங்கவில்லை" என்று பதில் வரும். எதுவென்று புரோபோமாவிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். முதல் முறைக்கு `OUR` நல்லது. பணம் போனதும் ஸ்விஃப்ட் செய்தியின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எம்.ரி. 103 என்ற பழைய பெயரில் கேட்டாலும் வங்கியில் புரியும். விற்பவருக்கு அனுப்ப அதுவே சான்று, பணம் எங்கே நிற்கிறது என்று தேடவும் அதிலுள்ள எண்ணே உதவும்.

மருமகன் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அவர் கட்டாரிலிருந்து 1,920 அனுப்பினால், இயந்திரம் கொழும்புக்கு வரும்போது இன்வொய்ஸில் 6,400 இருக்கும், உங்கள் வங்கியில் 4,480க்கு மட்டுமே பதிவு இருக்கும். சுங்கப் பத்திரத்தில் பணம் கட்டிய முறைக்கும் வங்கிக்கும் தனிக் கட்டமே இருக்கிறது. மிச்சம் எங்கே என்ற கேள்விக்கு உங்கள் கிளியரிங் ஏஜென்ட் முழிப்பார், கொள்கலன் நிலையத்தில் வாடகை ஏறிக்கொண்டிருக்கும். பணம் திரும்ப வேண்டி வந்தாலும் உரிமை கேட்கும் ஆள் நீங்கள் இல்லை, மருமகன். உதவ விரும்பினால் அவர் காசை உங்கள் கணக்குக்கு வங்கி மூலம் அனுப்பட்டும். அங்கிருந்து நீங்கள் கட்டுங்கள்.

பெரிய பணம் இரண்டாவதாகப் போகிறது

முற்பணத்தையே எல்லோரும் நினைத்துக் கவலைப்படுகிறோம். உங்கள் கணக்கில் 4,480 டொலர் அதற்குப் பிறகு போகிறது, அதுவும் பொருள் கப்பலேறுமுன். புரோபோமா எழுதும் இந்த நேரத்தில்தான் அதைப் பேச முடியும். முற்பணம் கொடுத்தபின் உங்கள் பேச்சுக்கு எடை குறைந்துவிடும்.

எல்.சி. என்ற வங்கி உறுதிக் கடிதம் திறப்பது இந்தத் தொகைக்குச் செலவு கூடியது, பல சிறு தொழிற்சாலைகள் ஒத்துக்கொள்வதுமில்லை. நான் கேட்கச் சொல்வது, 70 சதவீதத்தை டி.பி. முறையில். விற்பவர் கப்பல் பத்திரங்களைத் தன் வங்கி மூலம் உங்கள் வங்கிக்கு அனுப்புவார். நீங்கள் பணத்தைக் கட்டிப் பத்திரத்தை எடுப்பீர்கள். பொருள் கப்பலேறிவிட்டது என்பதற்காவது உறுதி இருக்கும், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு இல்லை. அதற்கும் ஒத்துவராவிட்டால், கப்பல் சீட்டின் பிரதியைக் கண்டபின் கட்டுவது என்று கேளுங்கள். இதையும் மறுத்து, ஏற்றுமுன் முழுப் பணம் என்றே நின்றால், அப்படி நிற்பவர்கள் நிறையப்பேர், அதை வைத்து மட்டும் கள்ளர் என்று சொல்ல முடியாது. அப்போது ஒரு நிபந்தனையைப் புரோபோமாவில் ஏற்றுங்கள்: உங்கள் ஆலை அரிசியில் ஐந்து கிலோவைக் கூரியரில் அனுப்புவீர்கள், அவர்கள் உங்கள் இயந்திரத்தில் அதை ஓட்டி, இயந்திரத்தின் தொடர் இலக்கம் தெரிய, நல்லரிசியும் தள்ளிய அரிசியும் தெரிய, வெட்டாத வீடியோவாக அனுப்ப வேண்டும். நாட்டரிசியின் சிவப்புத் தவிட்டை வெள்ளை அரிசிக்குச் சரிப்படுத்திய இயந்திரம் பழுது என்று எண்ணித் தள்ளிவிடக்கூடும். அதை அங்கே கண்டுபிடிப்பது நல்லது, இங்கே கண்டுபிடித்தால் பொறியியலாளரை வரவழைக்கும் செலவு உங்களுக்கு. இரண்டாம் தொகை கட்டும் நாளிலும் வங்கி விபரம் முதல் தாளில் உள்ளதேதானா என்று மறுபடி பாருங்கள். கணக்கு மாறும் கடிதம் அதிகம் வருவது அந்த நாளில்தான், தொகை பெரிது என்பதால்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, மேலே சொன்ன மின்னஞ்சலை இன்றே அனுப்புவது. வெள்ளிக்கிழமைக்குள் கம்பனிப் பெயரில் கணக்கோடு தாள் வந்தால், பெயர்களைப் பொருத்திப் பார்த்து, கிளியரிங் ஏஜென்டிடம் காட்டி, அடுத்த வாரம் வங்கிக்குப் போங்கள். "கம்பனிக் கணக்கு இப்போது முடியாது, முதலில் பாதியாவது போடுங்கள்" என்று வந்தால், ஹெஃபெயில் சோட்டர் செய்பவர்கள் அவர்கள் மட்டுமல்ல. அதே மின்னஞ்சலை இன்னும் மூன்று கம்பனிக்கு அனுப்புங்கள்.